வட்டி வரவில்லையா? டிபென்ச்சர் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

"டிபென்ச்சரும் டெபாசிட் மாதிரிதானே? இதற்கு எதற்கு டிரஸ்டி, டிரஸ்ட் டீட் எல்லாம்?"

வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. டிபென்ச்சருக்கு அப்படி எதுவும் கிடையாது. பாடப்புத்தகத்தில் கடனீட்டுப் பத்திரம் என்று படித்திருப்பீர்கள், தரகர்கள் என்.சி.டி. என்பார்கள். இரண்டும் சொல்வது ஒன்றுதான்: கம்பெனிக்கு நீங்கள் கடன் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கடனுக்குப் பெரும்பாலும் ஈடும் உண்டு. அது கட்டடமாக இருக்கலாம், இயந்திரமாக இருக்கலாம், நிதி நிறுவனமாக இருந்தால் அது பிறருக்குக் கொடுத்த கடன்களின் வரவேண்டிய தவணைகளாகவும் இருக்கலாம்.

ஒரு வங்கி 500 கோடி கடன் கொடுத்தால் ஈட்டைத் தன் பெயரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளும். ஆளுக்கு ஒன்றிரண்டு லட்சம் என்று முப்பதாயிரம் பேர் சேர்ந்து கொடுக்கும் கடனுக்கு அது நடக்காது. முப்பதாயிரம் பேர் பெயரில் அடமானம் எழுத முடியாது. அவர்களில் ஒருவர் விற்றுவிட்டு இன்னொருவர் வாங்கும்போதெல்லாம் அதை மாற்றி எழுதவும் முடியாது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒருவர் பெயரில் ஈட்டை எழுதி வைக்கிறார்கள். அவர்தான் டிபென்ச்சர் டிரஸ்டி. கம்பெனிக்கும் அவருக்கும் இடையிலான ஒப்பந்தம்தான் டிரஸ்ட் டீட். பொதுமக்களுக்கோ 500 பேருக்கு மேற்பட்ட உறுப்பினர்களுக்கோ டிபென்ச்சர் விற்பதாக இருந்தால், விற்பதற்கு முன்பே டிரஸ்டியை நியமித்தாக வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டத்தின் 71ஆவது பிரிவு சொல்கிறது. அவர் செபியில் பதிவு செய்தவராகவும் இருக்க வேண்டும்.

"டிரஸ்ட் டீட் நூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. எதைப் படிப்பது?"

நாலு இடங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஈடு. எந்தச் சொத்து, எத்தனை மடங்கு என்பதோடு, அது உங்களுக்கு மட்டுமா, மற்றவர்களோடு சேர்த்தா என்று பாருங்கள். 'பாரி பாசு' என்று ஒரு சொல் வரும். அதே சொத்தின் மேல் வங்கிகளுக்கும் மற்ற டிபென்ச்சர்காரர்களுக்கும் சம உரிமை இருக்கிறது, விற்று வரும் பணத்தை அவரவர் கடனுக்கு ஏற்ற விகிதத்தில் பங்கு போட வேண்டும் என்று அதற்குப் பொருள். 'ஈடு உள்ள பத்திரம்' என்று கேட்டதும் ஒரு கட்டடம் முழுதாகத் தங்களுக்கென்று இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு.

அடுத்தது 'தவறுதல் நிகழ்வு' என்ற பகுதி. வட்டி எத்தனை நாள் தாமதமானால் கம்பெனி தவறியதாகக் கொள்ளப்படும் என்பது இங்கேதான் இருக்கும். சில டீடுகளில் தவணை தேதி தாண்டினாலே தவறியதுதான். சிலவற்றில் ஏழு நாளோ அதற்கு மேலோ அவகாசம் உண்டு.

மூன்றாவது, அப்படித் தவறிய பிறகு முழு அசலையும் உடனே கேட்கும் உரிமை. பத்து வருடப் பத்திரத்தில் மூன்றாம் வருடம் வட்டி நின்றுபோனால், மீதி ஏழு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லும் விதி இது. வட்டி தவறியதற்கு எதிரான மிக வலுவான ஆயுதம் இதுதான். ஆனால் டிரஸ்டி தானாகவே அதை எடுக்கலாமா, டிபென்ச்சர்காரர்களில் எத்தனை பங்கு கேட்க வேண்டும் என்பது டீடுக்கு டீடு மாறும்.

கடைசியாகத் தாமத வட்டி. வழக்கமான வட்டிக்கு மேல் ஆண்டுக்கு 2 விழுக்காடு என்பது பரவலாகக் காணப்படும் விகிதம். அது எதன் மேல் கணக்கிடப்படும் என்று பாருங்கள். உங்களிடம் 2 லட்சத்துக்கு 9 விழுக்காட்டுப் பத்திரம் இருக்கிறது, வருட வட்டி 18,000 ரூபாய் அறுபது நாள் தாமதம் என்று வையுங்கள். 2 விழுக்காட்டை முழு அசலின் மேல் போட்டால் சுமார் 657 ரூபாய் கூடுதலாக வரும். நின்றுபோன 18,000 ரூபாயின் மேல் மட்டும் 11 விழுக்காடு போட்டால் சுமார் 325 ரூபாய்தான். தொகை சின்னதுதான். ஆனால் ஒரு வாக்கியத்தின் சொற்கள் பணமாக மாறுவதை இதில் தெளிவாகப் பார்க்கலாம்.

டீடைப் பார்வையிட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கட்டணம் செலுத்திக் கேட்டால் நகல் தர வேண்டும்.

"நேற்று வட்டி வர வேண்டிய நாள். கணக்கில் வரவில்லை. கம்பெனி திவாலா?"

உடனே அந்த முடிவுக்குப் போக வேண்டாம். முதலில் உங்கள் டீமேட்டோடு இணைத்த வங்கிக் கணக்கு சரியாக இருக்கிறதா, வட்டி நாள் விடுமுறையில் விழுந்ததா என்று பாருங்கள். நான் பார்த்த 'வட்டி வரவில்லை' புகார்களில் சில, மூடிவிட்ட வங்கிக் கணக்கில் போய் முடிந்தன. அதெல்லாம் சரியாக இருந்தால், கம்பெனி பங்குச் சந்தைக்கு என்ன அறிவித்திருக்கிறது என்று பாருங்கள். பட்டியலிட்ட கம்பெனி வட்டி தவறியதை மறைத்து வைக்க முடியாது.

2019 ஜூனில் திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். டி.எச்.எஃப்.எல். என்றால் தெரியும். அதன் என்.சி.டி.களை 'ஏ.ஏ.ஏ.' தரமதிப்பீட்டோடு பொதுமக்களும் மியூச்சுவல் ஃபண்டுகளும் வாங்கியிருந்தார்கள். ஜூன் 4ஆம் தேதி தர வேண்டிய சுமார் 960 கோடி ரூபாய் வட்டியை அது தரவில்லை. அடுத்த நாளே தரமதிப்பீட்டு நிறுவனங்கள் அதை 'டி', அதாவது தவறியது என்ற கடைசி நிலைக்கு இறக்கின. கம்பெனியோ ஏழு வேலைநாள் அவகாசம் இருக்கிறது என்று சொல்லி, அதற்குள் அந்த வட்டியைக் கட்டியும் விட்டது.

இரண்டு தரப்பும் தங்கள் விதிப்படிதான் நடந்தார்கள். தரமதிப்பீட்டுக்கு ஒரு நாள் தாமதமும் தவறுதல்தான். ஒப்பந்தத்துக்கு அவகாசம் முடிந்தால்தான் தவறுதல். அந்த ஏழு நாளில் டிரஸ்டியால் ஈட்டைத் தொட முடியாது, ஆனால் சந்தையில் பத்திரத்தின் விலை விழுந்துவிடும். வட்டி கடைசியில் வந்ததே என்று நிம்மதியானவர்களுக்கு அந்த நிம்மதி நிலைக்கவில்லை. அதே மாதத்திலேயே வேறு கடன்களில் தவணைகள் தவறத் தொடங்கின. என் கருத்தில், அவகாச நாளுக்குள் தட்டுத்தடுமாறி வரும் வட்டியை எச்சரிக்கை மணியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

"தவறிவிட்டது உறுதி. டிரஸ்டி இப்போது என்ன செய்தாக வேண்டும்?"

செபி 2020 அக்டோபர் 13இல் விட்ட சுற்றறிக்கை இதற்கு ஒரு பாதை போட்டது. தவறிய மூன்று நாளுக்குள் டிரஸ்டி டிபென்ச்சர்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், முப்பது நாளுக்குள் கூட்டம் கூட்ட வேண்டும். நோட்டீஸில் இரண்டு கேள்விகள் இருக்கும். ஈட்டைக் கைப்பற்றி விற்கலாமா என்பது ஒன்று. கம்பெனிக்குக் கடன் கொடுத்த மற்ற கடன்காரர்களோடு ஒப்பந்தம் செய்து, கம்பெனியின் கடனைச் சீரமைக்கும் முயற்சியில் சேரலாமா என்பது இன்னொன்று.

இந்த இரண்டுக்கும் உங்கள் மௌனத்தின் பொருள் ஒன்றல்ல. ஈட்டை விற்கும் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். கடன் சீரமைப்பில் சேரும் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் இல்லை. பெரும்பான்மை என்பதற்கும் இரட்டைக் கணக்கு: கடன் மதிப்பில் 75 விழுக்காடும் வேண்டும், ஆட்கள் எண்ணிக்கையில் 60 விழுக்காடும் வேண்டும். அதுவும் ஒவ்வொரு பத்திர வரிசைக்கும், அதாவது அதன் அடையாளமான ஐ.எஸ்.ஐ.என். எண்ணுக்கும் தனித்தனியாக.

ஒரு வரிசையில் 100 கோடி நிலுவை, அதில் இரண்டு மியூச்சுவல் ஃபண்டுகளிடம் 70 கோடி, மூவாயிரம் தனிநபர்களிடம் 30 கோடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஃபண்டுகள் இரண்டும் சேர்ந்தாலும் 75 விழுக்காடு எட்டாது. எட்டினாலும் ஆள்கணக்கில் அவர்கள் இரண்டே பேர். அந்த மூவாயிரம் பேரில் பாதிக்கு மேல் பதில் அனுப்பாமல் இருந்துவிட்டால் சீரமைப்புத் தீர்மானம் அப்படியே நின்றுவிடும். சின்ன முதலீட்டாளருக்கு உண்மையான பலம் இருக்கும் இடம் இது. பலர் அந்த மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை என்பதுதான் வருத்தம்.

டீட் ஒரு பெரும்பான்மையைச் சொல்லி, செபி வேறொன்றைச் சொன்னால்? ரிலையன்ஸ் ஹோம் ஃபைனான்ஸ் வழக்கில் இதே சிக்கல் வந்தது. முன்பே எழுதிய டீடுகளுக்கும் செபியின் சுற்றறிக்கை பொருந்தும் என்று 2022 ஆகஸ்ட் 30இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த ஒரு வழக்கில் மட்டும், தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, முடிந்துபோன வாக்கெடுப்பைத் தொந்தரவு செய்யாமல் விட்டது. விதிகளில் அவ்வப்போது திருத்தம் வருவதால், உங்கள் கைக்கு வரும் நோட்டீஸில் எந்தக் கெடு, எந்தப் பெரும்பான்மை என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துவிட்டே பதில் அனுப்புங்கள்.

இதோடு இன்னொரு கடமையும் உண்டு. தொடர்ந்து இரண்டு முறை வட்டி தவறினால், கம்பெனியின் இயக்குநர் குழுவில் டிரஸ்டி தன் பிரதிநிதி ஒருவரை உட்கார வைக்க வேண்டும். பணம் எங்கே போகிறது என்று உள்ளிருந்தே பார்க்க ஒரு ஆள்.

"ஈட்டை விற்று எங்கள் பணத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே? ஏன் இத்தனை வருடம்?"

வழி இருக்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு செய்த டிபென்ச்சர் டிரஸ்டியும் வங்கியைப் போல சர்ஃபேசி சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போகாமலேயே ஈட்டைக் கையில் எடுக்கலாம். வழக்குச் செலவுக்கு என்று கம்பெனி முன்கூட்டியே பங்குச் சந்தையில் ஒரு தொகையைக் கட்டி வைத்திருக்கும். வெளியீட்டுத் தொகையில் 0.01 விழுக்காடு, அதிகபட்சம் 25 லட்சம். செலவுக்குப் பணமில்லை என்று டிரஸ்டி ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

தாமதம் சொத்தின் தன்மையால் வருகிறது. தொழிற்சாலை நிலம் என்றால் ஏலம் விடலாம். வீட்டுக்கடன் நிறுவனத்தின் ஈடு என்பது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாதாமாதம் கட்டும் தவணை. அதைப் பூட்டு போட்டு எடுத்துக்கொண்டு வர முடியாது. யாராவது வசூல் செய்துகொண்டே இருந்தால்தான் அதற்கு மதிப்பு. அதிலும் பாரி பாசு என்றால், மற்ற கடன்காரர்களை ஒதுக்கிவிட்டு ஒரு டிரஸ்டி மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு போக முடியாது. அப்புறம், காகிதத்தில் காட்டிய ஈடு உண்மையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இதற்காகத்தான் ஈட்டின் மதிப்பு கடனுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை டிரஸ்டி பார்க்க வேண்டும் என்று செபி வைத்திருக்கிறது.

"டிரஸ்டியை நம்பிக் காத்திருக்காமல் நானே வழக்குப் போட முடியுமா?"

முடியும். 71ஆவது பிரிவின் 10ஆம் உட்பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. வட்டியோ அசலோ உரிய நாளில் வராவிட்டால், டிரஸ்டி மட்டுமல்ல, ஒரே ஒரு டிபென்ச்சர்காரர்கூட தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில், அதாவது என்.சி.எல்.டி.யில் மனு கொடுக்கலாம். அசலையும் வட்டியையும் உடனே திருப்பிக் கொடு என்று தீர்ப்பாயம் கம்பெனிக்கு உத்தரவிடலாம். இதற்குக் கூட்டமோ வாக்கெடுப்போ தேவையில்லை.

திவால் சட்டத்தின் வழி இதிலிருந்து வேறு. அங்கே உங்களைப் போன்ற டிபென்ச்சர்காரர்கள் குறைந்தது நூறு பேராவது, அல்லது மொத்தத்தில் பத்து விழுக்காட்டினராவது (இதில் எது குறைவோ அது) சேர்ந்து மனு போட வேண்டும். தவறிய தொகை ஒரு கோடியாவது இருக்க வேண்டும். டிரஸ்டியும் எல்லோர் சார்பிலும் போடலாம். கம்பெனி பெரிய நிதி நிறுவனமாக இருந்தால் இந்தக் கதவு கடன்காரர்களுக்குத் திறக்காது, ரிசர்வ் வங்கி மட்டுமே போக முடியும்.

நேரம் இங்கே மிக முக்கியம். திவால் நடவடிக்கை தொடங்கிய நொடியில் தடைக்காலம் வந்துவிடும். அதன் பிறகு நீங்கள் தனியாகப் போட்ட மனுவும், டிரஸ்டி தொடங்கிய ஈட்டு நடவடிக்கையும் அப்படியே நின்றுபோகும்.

"டி.எச்.எஃப்.எல்.காரர்களுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது?"

2019 நவம்பர் 20இல் ரிசர்வ் வங்கி அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவைக் கலைத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் முன்னாள் தலைமை அதிகாரி ஆர். சுப்பிரமணியகுமாரை நிர்வாகியாகப் போட்டார்கள். டிசம்பர் 3இல் ரிசர்வ் வங்கி போட்ட திவால் மனுவை என்.சி.எல்.டி. ஏற்றது. திவால் சட்டத்தின் கீழ் போன முதல் நிதி நிறுவனம் அதுதான்.

அன்றோடு வட்டிக் கணக்கு நின்றது. உரிமைத்தொகை என்பது அந்த நாள் வரை உள்ள அசலும் வட்டியும்தான். அதற்குப் பிறகான இரண்டு வருடத்துக்கு நீங்கள் எவ்வளவு காத்திருந்தாலும் வட்டி சேராது. எல்லாக் கடன்காரர்களும் சேர்த்துக் கேட்டது சுமார் 87,000 கோடி. கடன்காரர் குழுவில் நேரடியாக உட்கார்ந்தது டிரஸ்டிதான், டிபென்ச்சர்காரர்கள் அவர் மூலமாக வாக்களித்தார்கள். இங்கே கணக்கு மீண்டும் மாறுகிறது. வாக்களித்தவர்களில் 50 விழுக்காட்டுக்கு மேல் எந்தப் பக்கமோ, டிரஸ்டி அந்த வகுப்பின் வாக்கு முழுவதையும் அந்தப் பக்கமே போடுவார். எதிர்த்தவர்களின் பங்கும் அதில் சேர்ந்துவிடும், வாக்களிக்காதவர் கணக்கிலேயே இல்லை.

2021 ஜனவரியில், கம்பெனியை வாங்கிக்கொள்ளும் பிரமல் குழுமத்தின் திட்டத்துக்கு வாக்கு விழுந்தது. ஜூன் 7இல் தீர்ப்பாயம் அனுமதித்தது. செப்டம்பரில் பணம் வந்தது. பிரமல் கொடுத்தது 34,250 கோடி. அதில் ரொக்கம் 14,700 கோடி. மீதி 19,550 கோடி, பத்து வருடத்துக்கு 6.75 விழுக்காட்டு வட்டியில் புதிய டிபென்ச்சர்கள். கம்பெனியிடமே இருந்த ரொக்கமும் சேர்ந்து, பிரமல் அறிவித்த கணக்குப்படி கடன்காரர்களுக்கு ஒட்டுமொத்தமாகக் கிடைத்தது நூற்றுக்குச் சுமார் 46. அதே கம்பெனியில் ஈடில்லாத பிக்சட் டெபாசிட் போட்டிருந்தவர்களுக்குச் சுமார் 23தான். டிரஸ்ட் டீடில் இருந்த ஈடு என்ற சொல்லின் மதிப்பை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. முழுப் பணத்தை அது மீட்டுத் தரவில்லை. ஆனால் வரிசையில் முன்னால் நிறுத்தியது.

இன்னொரு மனத்தாங்கல் மிச்சமிருந்தது. பழைய நிர்வாகம் மோசடியாக வெளியே அனுப்பியதாகச் சொல்லப்பட்ட பெருந்தொகைகள் பின்னால் மீட்கப்பட்டால் யாருக்குச் சேரும்? திட்டத்தில் அதற்கு வெறும் 1 ரூபாய் மதிப்புப் போட்டு, மீள்வது பிரமலுக்கு என்று எழுதியிருந்தார்கள். டிபென்ச்சர் வைத்திருந்த 63 மூன்ஸ் நிறுவனம் இதை எதிர்த்துப் போனது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 ஜனவரியில் அதன் பக்கம் நின்றது. 2025 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, கடன்காரர் குழு வாக்களித்த திட்டமே செல்லும் என்றது. குழு வாக்களித்து முடித்த வணிக முடிவைப் பிறகு நீதிமன்றத்தில் கலைப்பது மிகக் கடினம். எதிர்ப்பு இருந்தால் வாக்குப்போடும் நாளிலேயே அது இருக்க வேண்டும்.

"டிரஸ்டியே தூங்கிவிட்டால்?"

'டிரஸ்டிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை' என்று டீடில் எழுதிவைத்து அவர் தப்பிக்க முடியாது. உரிய அக்கறையும் கவனமும் காட்டத் தவறியதற்குப் பொறுப்பில்லை என்று சொல்லும் எந்த வாசகமும் செல்லாது என்று 71ஆவது பிரிவே சொல்கிறது. மதிப்பில் முக்கால் பங்கு டிபென்ச்சர்காரர்கள் கூட்டத்தில் ஒத்துக்கொண்டால் மட்டுமே அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கு தரலாம்.

அவர் கூட்டம் கூட்டவில்லை என்றால், நிலுவை மதிப்பில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் கூட்டியே ஆக வேண்டும். செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் டிரஸ்டியின் மேலேயே புகார் கொடுக்கலாம். புகாரில் கோபத்தைவிடத் தேதிகள் முக்கியம்: வட்டி நாள் எது, நோட்டீஸ் வந்ததா, கூட்டம் எப்போது. பதில் சொல்ல வேண்டியவர் நழுவ முடியாத புகார் அப்படித்தான் இருக்கும்.

"கம்பெனி இயக்குநர்களுக்கு ஒன்றும் ஆகாதா?"

வட்டி தவறி ஒரு வருடம் தாண்டியும் கட்டாமல் இருந்தால், அந்த இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்கு அந்தக் கம்பெனியில் மறுநியமனம் பெற முடியாது, வேறு கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. இது 164ஆவது பிரிவு. உங்கள் பணம் இதனால் வராது. ஆனால் பதினோராவது மாதத்தில் பேச்சுவார்த்தைக்கு வருகிறவர்கள் இதை மனதில் வைத்துத்தான் வருகிறார்கள்.

"டிபென்ச்சர் மீட்பு நிதி என்று கம்பெனி ஒதுக்கி வைக்குமாமே?"

பழைய கதை. 2019 ஆகஸ்டுக்குப் பிறகு பட்டியலிட்ட கம்பெனிகளும் நிதி நிறுவனங்களும் அதை ஒதுக்க வேண்டியதில்லை. பட்டியலிடாத மற்றக் கம்பெனிகளுக்கு மட்டும் 10 விழுக்காடு இருக்கிறது. அது அசலுக்கானது, வட்டிக்கு அல்ல.

"இப்போதைக்கு வட்டி ஒழுங்காக வருகிறது. எதையாவது செய்து வைக்க வேண்டுமா?"

டீமேட் கணக்கில் உள்ள மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இன்றும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். தவறுதல் நோட்டீஸ் அங்கேதான் வரும். அம்மா, அப்பா பெயரில் இருக்கும் பத்திரங்களுக்கும் இதைப் பாருங்கள், அவற்றில்தான் பெரும்பாலும் பழைய எண் இருக்கும். பத்திரத்தின் ஐ.எஸ்.ஐ.என். எண்ணையும் டிரஸ்டியின் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள். அப்புறம், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டு, உங்கள் டிரஸ்டியின் பெயரில் ஈட்டுரிமை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகாத ஈட்டுரிமையைக் கலைப்பாளர் கணக்கில் எடுக்க மாட்டார். அங்கே பெயர் இல்லையென்றால், வட்டி வந்துகொண்டிருக்கும் இப்போதே டிரஸ்டிக்கு எழுதிக் கேளுங்கள்.